நீளம் சரி, படம் எங்கே?

"கார்டை ஃபார்மேட் பண்ணிரலாமுங்களாண்ணா?"

முகூர்த்த நாள் ராத்திரி கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் கல்யாண வீடியோ ஸ்டுடியோக்களில் தவறாமல் கேட்கிற கேள்வி இது. மறுநாள் காலையில் பெருந்துறையிலோ பொள்ளாச்சியிலோ இன்னொரு மண்டபம் காத்திருக்கும். இருக்கிற கார்டுகள் நிறைந்திருக்கும். வட்டில் காப்பி ஏறிவிட்டது. கார்டில் இருப்பதை அழித்தால்தான் நாளைக்கு வேலை நடக்கும்.

முன்பெல்லாம் இதற்குப் பதில் சொல்ல, ஃபோல்டரின் சைஸைப் பார்ப்பார்கள், ஒரு கோப்பைத் திறந்து ஓட்டிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இப்போது கொஞ்சம் கணினி தெரிந்த பையன்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் ffprobe என்ற கருவியைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். வீடியோ கோப்பின் நீளம், அளவு, பிரேம் வேகம், ஒலித்தடங்கள் எல்லாவற்றையும் ஒரு நொடியில் சொல்லிவிடுகிற இலவசக் கருவி. அதை வைத்து ஒரே வரியில் வேலையை முடித்துவிடுகிறார்கள்:

```
for f in *.MP4; do ffprobe -v error "$f" && rm "/media/card/$f"; done
```

வட்டில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் ffprobe பார்க்கிறது. குறை எதுவும் சொல்லாவிட்டால் கார்டில் இருக்கும் மூலம் அழிகிறது. இன்னும் கவனமானவர்கள் இரண்டு பக்கத்து நீளத்தையும் ஒப்பிட்டுவிட்டு அழிக்கிறார்கள். "ஃப்ரோப்ல பாஸ் ஆயிருச்சுங்" என்றால் பேச்சு முடிந்தது. சைஸ் பார்த்து அழித்த காலத்தோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'ffprobe சரி என்றால் வீடியோ சரி' என்ற முடிவு தவறு. இந்தத் தவறு சைஸ் பார்க்கும் பழக்கத்தைவிட ஆபத்தானது. சைஸ் மட்டும் பார்த்தவனுக்கு மனதில் ஒரு ஓரத்தில் பயமாவது இருந்தது.

எம்பி4 கோப்பு ஒன்றை உள்ளே திறந்து பார்த்தால் பெரிய பெட்டிகள் இரண்டு இருக்கும். ஒன்று mdat. படமும் ஒலியும் சுருக்கப்பட்ட நிலையில் கிடப்பது அதில்தான். கோப்பின் எடையில் கிட்டத்தட்ட முழுவதும் அதுதான். மற்றது moov. அது ஒரு கணக்குப் புத்தகம். எத்தனை பிரேம்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு பைட், கோப்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது, மொத்தம் எத்தனை நொடி என்ற விவரமெல்லாம் அதில் எழுதியிருக்கும். சாதாரணமாக ffprobe-ஐ ஓட்டினால் அது இந்தக் கணக்குப் புத்தகத்தைப் படிக்கிறது. பிறகு கோடெக் விவரத்தை உறுதி செய்துகொள்ள mdat-இன் தொடக்கத்தில் சில பிரேம்களை மட்டும் தொட்டுப் பார்க்கிறது. வழக்கமான அமைப்பில் அது ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும் வரம்பு 50 லட்சம் பைட், அதாவது 5 எம்பி. 30 ஜிபி கோப்பில் 5 எம்பி. அது காட்டும் நீளம் அளந்து சொன்ன நீளம் அல்ல. புத்தகத்தில் எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னது.

கிடங்கு முழுக்கப் பஞ்சு மூட்டை இருக்கிறதா என்று கேட்டால், கிடங்குக்குள் போகாமல் இருப்புப் பதிவேட்டைப் புரட்டி, "400 மூட்டைங்" என்று சொல்லும் கணக்குப்பிள்ளையின் வேலை இது. பதிவேடு சரியாகத்தான் இருக்கும். உள்ளே எலி கடித்திருக்கிறதா, மழைநீர் இறங்கியிருக்கிறதா என்பது பதிவேட்டுக்குத் தெரியாது.

எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு கோபம் வரக் காரணம் ஒரு கல்யாணம். நான் எடிட்டிங் செய்து கொடுப்பவன். படம் எடுத்தவர்கள் வேறு ஸ்டுடியோ. பெயர் வேண்டாம், நல்ல உழைப்பாளிகள். கொங்கு முறைக் கல்யாணம் என்பதால் நாட்டுக்கல் சீரில் தொடங்கி இணைச்சீர், கைகோர்வை, மங்கல வாழ்த்து என்று மணிக்கணக்கில் பதிவு. வட்டு என் கைக்கு வந்து பத்து நாள் கழித்து டைம்லைனில் வைத்து ஓட்டுகிறேன். முகூர்த்தக் காட்சி உள்ள 38 நிமிடக் கோப்பில், மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கும்போது படம் அப்படியே உறைந்து நிற்கிறது. பச்சைக் கட்டங்கள் தெறிக்கின்றன. ஒலி அறுபடுகிறது. மறுபடி படம் தெளியும்போது அட்சதை விழுந்து முடிந்திருக்கிறது. அதே கோப்பில் இன்னும் இரண்டு இடங்களில் இதே கதை.

ஸ்டுடியோவுக்குப் போன் போட்டேன். "அதெல்லாம் செக் பண்ணித்தானுங்கண்ணா அழிச்சோம். ஃப்ரோப்ல ஃபுல் டியூரேஷன் காட்டுச்சுங்" என்றார் அந்தப் பையன். அவர் பொய் சொல்லவில்லை. என் கணினியில் நான் ffprobe ஓட்டியபோதும் முழு நீளம்தான் காட்டியது. ஒரு பிழைச் செய்திகூட இல்லை. அந்தக் கார்டில் அதற்குள் நான்கு கல்யாணம் ஏறி இறங்கிவிட்டது.

என்ன நடந்தது என்று தேடியபோது கோப்பின் பைட்டுகளையே நேரடியாகப் பார்த்தேன். கெட்டுப்போன மூன்று இடங்களிலும் வெறும் பூஜ்யம், லட்சக்கணக்கில். சுருக்கிய வீடியோவுக்குள் அவ்வளவு நீளத்துக்குப் பூஜ்யம் தொடர்ந்து வரவே வராது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு ஓட்டையும் தொடங்கும் இடமும் முடியும் இடமும் 128 கேபியின் மடங்காக இருந்தது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த பெரிய வட்டுகளில் இடம் ஒதுக்கும் அலகு பெரும்பாலும் அதுதான். பிரேம்களின் எல்லை இப்படி வட்டமான எண்ணில் வந்து நிற்காது. ஆகவே கேமரா தப்பு செய்யவில்லை. காப்பி செய்யும்போதுதான் வட்டு சில துண்டுகளை எழுதாமல் விட்டிருக்கிறது. கேட்டுப் பார்த்தால், காப்பி முடிந்ததும் பத்திரமாக வெளியேற்றாமல் கேபிளைப் பிடுங்கியிருக்கிறார்கள். முடிந்தது என்று திரை சொன்ன நேரத்தில் தரவில் ஒரு பகுதி இன்னும் கணினியின் ரேமில்தான் இருந்திருக்கிறது. கணக்குப் புத்தகமான moov வட்டில் ஏறிவிட்டது. சரக்கில் மூன்று மூட்டை வழியிலேயே நின்றுவிட்டது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். முக்கியமில்லாத கோப்பு ஒன்றின் நகலில் மட்டும் செய்யுங்கள். நான் எடுத்துக்கொண்டது 42 நிமிடக் கோப்பு. நொடிக்கு 100 மெகாபிட் வேகம். எடை சுமார் 31.5 ஜிபி. அதன் நடுவில் 16 எம்பி அளவுக்குப் பூஜ்யத்தை எழுதினேன்.

```
dd if=/dev/zero of=nakal.mp4 bs=1M seek=20000 count=16 conv=notrunc
ffprobe -v error -show_entries format=duration -of default=nw=1 nakal.mp4
```

பதில்: `duration=2520.480000`. ஓட்டை போடுவதற்கு முன்பும் இதே எண்தான். கோப்பின் எடையும் ஒரு பைட் மாறவில்லை. 28ஆவது நிமிடத்துக்குச் சற்று முன்னால் சுமார் ஒன்றேகால் நொடிப் படமும் ஒலியும் செத்துப்போயிருக்கின்றன. அடுத்த முழு பிரேம் வரும்வரை அதைத் தொடர்ந்து வருபவையும் சிதைந்துதான் தெரியும். ffprobe-க்கு இதெல்லாம் தெரியாது.

கோப்பைப் பாதியில் வெட்டினால் என்ன ஆகும்? இங்கே ffprobe-க்கு நியாயமாகச் சேர வேண்டிய பாராட்டைக் கொடுத்துவிடுகிறேன். பெரும்பாலான கேமராக்கள் moov பெட்டியைக் கோப்பின் கடைசியில், பதிவை நிறுத்தும்போது எழுதுகின்றன. எனவே நேராகக் கேமராவிலிருந்து வந்த கோப்பின் வால் அறுந்தால் கணக்குப் புத்தகமே போய்விடும். ffprobe உடனே `moov atom not found` என்று கத்தும். பேட்டரி திடீரென்று இறங்கிப் பாதியில் நின்ற பதிவுகளையும் இப்படித்தான் அது பிடிக்கிறது. அந்தப் பாதுகாப்பு உண்மையானது. ஆனால் எடிட் செய்து வெளியே எடுத்த கோப்பில், இணையத்துக்கு ஏற்றத் தோதாக moov-ஐ முன்னால் வைக்கும் `+faststart` தேர்வு போடப்பட்டிருந்தால் கதை தலைகீழ். அப்படிப்பட்ட கோப்பை 10 ஜிபியில் வெட்டிப் பார்த்தேன். மிச்சம் இருப்பது 14 நிமிடத்துச் சொச்சம். ffprobe அப்போதும் 42 நிமிடம் என்றே சொன்னது. ஒரே ஒரு துப்பு, அது காட்டும் `bit_rate`. எடையை நீளத்தால் வகுத்து வரும் எண் என்பதால் 100 மெகாபிட்டிலிருந்து 34-க்கு இறங்கியிருந்தது. அதைக் கவனிக்கிறவர்கள் எத்தனை பேர்?

இதற்கு எனக்கு வந்த முதல் எதிர்வாதம்: "வெறும் ஃப்ரோப்பை நம்பறதில்லீங்க. நாலஞ்சு இடத்துல தட்டி ஓட்டியும் பாத்துக்கறோம்."

ஈரோட்டு மஞ்சள் ஏலத்துக்குப் போனவர்களுக்கு இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். மூட்டைக்குள்ளிருந்து ஒரு கைப்பிடி விரலி மஞ்சளை எடுத்து, உடைத்து, நிறம் பார்த்து, விலை சொல்லிவிடுகிறார் வியாபாரி. முழு மூட்டையையும் கொட்டிப் பார்ப்பதில்லை. அது சரியான முறைதான். ஒரே காட்டில் விளைந்து, ஒரே களத்தில் காய்ந்து, ஒன்றாகக் கலந்து மூட்டையில் போன சரக்கு அது. ஒரு கைப்பிடி மற்றதற்குப் பேசும். வீடியோவில் எட்டாவது நிமிடம் இருபத்தெட்டாவது நிமிடத்துக்காகப் பேசாது. மேலே சொன்ன 42 நிமிடக் கோப்பில் கெட்டது இரண்டு நொடி என்று வைத்துக்கொண்டால், குருட்டாம்போக்கில் பத்து இடம் தட்டினாலும் அந்த இரண்டு நொடியில் போய் விழும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அப்படியே விழுந்தாலும் விஎல்சி போன்ற பிளேயர்கள் முடிந்தவரை ஒப்பேற்றிக்கொண்டு போகும். பழைய பிரேமை நிறுத்திவைத்து அடுத்ததற்குத் தாவிவிடும். பார்ப்பவர் தொந்தரவு இல்லாமல் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட மென்பொருள் அது. ஆய்வாளர் வேலையை அதனிடம் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது எதிர்வாதம் விஷயம் தெரிந்தவர்களிடமிருந்து வந்தது. "ffprobe-ஐக் குறை சொல்லாதீங்க. `-count_packets` போட்டா முழுக் கோப்பையும் படிக்குமே" என்றார்கள். உண்மை, படிக்கும். கட்டளை இப்படி:

```
ffprobe -v error -select_streams v:0 -count_packets \
  -show_entries stream=nb_frames,nb_read_packets \
  -of default=nw=1 nakal.mp4
```

`nb_frames` என்பது கணக்குப் புத்தகம் சொல்வது; `nb_read_packets` என்பது உண்மையில் எடுக்க முடிந்தது. வெட்டிய கோப்பில் முதல் எண் 63012 என்று நிற்க, இரண்டாவது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. ஆக, அறுந்த கோப்பை இது பிடித்துவிடும். ஆனால் ஓட்டை போட்ட கோப்பில் இரண்டு எண்ணும் சமம். ஏனென்றால் இது செய்வது மூட்டைகளை எண்ணுவது. இந்த இடத்தில் இத்தனை பைட் என்று புத்தகம் சொல்கிறது; அந்த இடத்தில் அத்தனை பைட் இருக்கிறது; ஒன்று என்று எண்ணிக்கொள்கிறது. மூட்டைக்குள் பஞ்சா வெறும் காற்றா என்று அவிழ்த்துப் பார்ப்பதில்லை.

அவிழ்ப்பதற்கும் வழி உண்டு. `-count_frames` போட்டால் ffprobe ஒவ்வொரு பிரேமையும் டிகோட் செய்யும். அப்போது பிழைகள் வெளியே வரும். அப்படிச் செய்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மேலே காட்டிய கட்டளையில் வீடியோவின் முதல் தடம் மட்டுமே தேர்வாகியிருக்கிறது, ஒலி விட்டுப்போகும். அதைவிட அதே தொகுப்பில் வரும் ffmpeg-ஐ வைத்து எல்லாப் படத் தடங்களையும் ஒலித் தடங்களையும் டிகோட் செய்து, வெளியீட்டை எங்கும் எழுதாமல் வீசிவிடச் சொல்வது நேர்வழி:

```
ffmpeg -nostdin -v error -i nakal.mp4 -map 0:v -map "0:a?" -f null - 2> nakal.log
```

`-map` இரண்டும் ஏன் என்றால், அவை இல்லாவிட்டால் ffmpeg ஒரு படத் தடத்தையும் ஒரு ஒலித் தடத்தையும் மட்டுமே தேர்ந்துகொள்ளும். மேடை மைக்கைத் தனித் தடத்தில் பதிகிறவர்களுக்கு அது சரிபார்க்கப்படாமலே போய்விடும். ஓட்டை போட்ட என் கோப்பில் ஓட்டியபோது லாகில் வந்தது இந்த மாதிரி வரிகள்:

```
Invalid NAL unit size (0 > 498211).
```

பூஜ்யத்தைப் போய் பிரேம் என்று படித்தால் அதன் நீளமும் பூஜ்யம் என்றுதானே வரும், அதைத்தான் சொல்கிறது. வெட்டிய கோப்பாக இருந்தால் `partial file` என்று முடியும் வரி வரும். லாக் காலியாக இருந்தால் மட்டுமே தேறியது என்று கொள்ள வேண்டும். இங்கேயும் ஒரு குழி இருக்கிறது. இடையில் பிழை வந்தாலும் ffmpeg தன் வேலையை முடித்துவிட்டு, பெரும்பாலும் வெற்றிக்கான 0 என்ற குறியீட்டோடுதான் வெளியேறும். ஆகவே மேலே பார்த்த ஸ்கிரிப்டில் ffprobe-ஐ எடுத்துவிட்டு ffmpeg-ஐப் போட்டு `&& rm` என்று எழுதினால் அதே விபத்துதான் மறுபடி. லாக் கோப்பின் அளவு பூஜ்யமா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வருகிற எல்லா வரியும் சேதம் என்றும் பயப்பட வேண்டாம். `non monotonically increasing dts` போன்றவை நேரக்குறிப்பில் உள்ள சின்னக் கோணல்கள். மூலக் கோப்பிலும் அதே கட்டளையை ஓட்டிப் பார்த்தால், அங்கேயும் அதே வரி வரும்.

இத்தோடு நிறுத்தினால் நானும் அந்தப் பையனின் தவறைத்தான் செய்தவனாவேன். அவர் ffprobe-ஐ நம்பினார், நான் ffmpeg-ஐ. டிகோட் செய்து பார்ப்பதற்கும் எல்லை உண்டு. எச்.264 படத்துக்குள் ஒவ்வொரு பிரேமுக்கும் சரிபார்ப்பு எண் என்று ஒன்று கிடையாது. சேதம், விதிக்கு ஒவ்வாத எதையாவது உண்டாக்கினால்தான் டிகோடர் முறையிடும். பெரிய ஓட்டை என்றால் கட்டாயம் உண்டாக்கும். எங்கோ ஒரு பிட் புரண்டால், சில நேரம் அது விதிக்கு உட்பட்ட இன்னொரு படமாகவே விரிந்துவிடும்: முகத்தில் ஒரு கறை, சேலைக் கரையில் ஒரு கோடு. லாக் காலி.

ஒலியில் நிலைமை இன்னும் மோசம். பல கேமராக்கள் ஒலியைச் சுருக்காமல் பிசிஎம் முறையில் பதிகின்றன. அதில் எந்த எண்ணும் செல்லுபடியாகும் எண்தான். பூஜ்யம் என்றால் மௌனம், குப்பை என்றால் இரைச்சல். டிகோடர் முறையிட எந்தக் காரணமும் இல்லை. குடிமகன் மங்கல வாழ்த்துப் பாடுகிற இடத்தில் ஒலிப் பகுதியில் மட்டும் சில பைட் கெட்டிருந்தால், ffprobe சரி என்னும், ffmpeg-உம் சரி என்னும். மணமகளின் அப்பாதான் முதலில் கண்டுபிடிப்பார்.

ஆகவே கேள்வியையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். வட்டில் இருப்பது கார்டில் இருந்ததேதானா என்பது ஒன்று. கார்டில் இருந்ததே நன்றாகத்தான் பதிவானதா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு வீடியோ கருவி எதுவுமே தேவையில்லை. ஹாஷ் போதும். கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் படித்து ஒரு கைரேகை எண் எடுக்கிற முறை. ஒரு பிட் மாறினாலும் ரேகை மாறிவிடும். பிசிஎம் ஒலியில் ஒளிந்திருக்கும் சேதமும் இதில் தப்பாது.

```
cd /media/card && sha256sum *.MP4 > ~/card.sha256
cd /media/vattu && sha256sum -c ~/card.sha256
```

விண்டோஸில் `certutil -hashfile கோப்பு SHA256`, மேக்கில் `shasum -a 256`. இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில்தான் எல்லோரும் தவறவிடும் ஒரு வேலை இருக்கிறது. வட்டைப் பத்திரமாக வெளியேற்றி, கேபிளைக் கழற்றி, மறுபடி செருக வேண்டும். காப்பி முடிந்த கையோடு சரிபார்த்தால், கணினி அதே தரவை ரேமிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். வட்டை எட்டியே பார்க்காது. ரேம் சரி என்று தெரிந்துகொண்டு வட்டை நம்பிவிடுவோம். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டுகிற போலி பென்டிரைவ்களும் கார்டுகளும் சந்தையில் இருக்கின்றன. உள்ளே 32 ஜிபி இருக்க 256 என்று காட்டும். 32-ஐத் தாண்டி எழுதியது காற்றில் போய்விடும். ஃபோல்டரில் பெயரும் சைஸும் மட்டும் அழகாக நிற்கும். கழற்றி மாட்டி ஹாஷ் பார்த்தால் அந்த மோசடி முதல் நாளே வெளிப்பட்டுவிடும்.

சினிமாக்காரர்கள் இதை எப்போதோ வழக்கமாக்கிவிட்டார்கள். படப்பிடிப்பில் தரவைக் கையாளுகிறவர், கேமராக் கார்டிலிருந்து காப்பி எடுக்கும்போதே ஹாஷ் பட்டியலும் எடுத்துவிடுகிறார். அந்தப் பட்டியலுக்கென்றே அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கம் ஏஎஸ்சி எம்எச்எல் என்ற வடிவத்தை வகுத்திருக்கிறது. சினிமாவில் ஒரு ஷாட் கெட்டால் செலவு செய்து மறுபடி எடுக்கலாம். நம் தொழிலில் தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியாது. மறுபடி எடுக்க முடிகிறவன் சரிபார்க்கிறான்; எடுக்க முடியாத நாம் கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டு ஃபார்மேட் செய்கிறோம்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது பதிவே நன்றாக இருந்ததா என்பதற்கு, ஹாஷ் உதவாது. கார்டிலேயே கெட்டிருந்தால் அந்தக் கேட்டை வட்டிலும் அச்சு மாறாமல் வைத்திருக்கிறோம் என்றுதான் அது உறுதி சொல்லும். அங்கேதான் ffmpeg டிகோட் வேண்டும். ஹாஷ் பொருந்துகிறது, டிகோட் முறையிடுகிறது என்றால் பதிவிலேயே கோளாறு. அப்போது கார்டைத் தொடாமல் ஒதுக்கிவைத்து, வேறு கார்டு ரீடரில் மறுபடி படித்துப் பார்க்கலாம். moov எழுதப்படாமலே நின்றுபோன கோப்பு என்றால், அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் காட்டி untrunc என்ற கருவியால் பெரும்பகுதியை மீட்கவும் வாய்ப்புண்டு. இதெல்லாம் கார்டு கையில் இருக்கும்வரைதான்.

இடம் பற்றாமல் பழைய கல்யாணங்களை எச்.265-க்குச் சுருக்கிவிட்டு மூலத்தை அழிக்கிறவர்களுக்கு ஹாஷ் வழி கிடையாது. கோப்பே புதியது, ரேகை பொருந்தாது. அவர்கள் மூலத்தையும் புதியதையும் முழுக்க டிகோட் செய்து, பிரேம் எண்ணிக்கையையும் ஒவ்வொரு ஒலித்தடத்தின் நீளத்தையும் ஒப்பிட வேண்டும். மூலத்தில் ஓட்டை இருந்தால் சுருக்கிய கோப்பில் அது குறையற்ற உறைந்த படமாக மாறியிருக்கும். புதிய கோப்பை மட்டும் எந்தக் கருவியில் போட்டாலும் பிழை வராது. பிழை, படத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டிருக்கும்.

கடைசி எதிர்வாதம் நேரம். அதுதான் உண்மையான எதிர்வாதம் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் இதற்குப் போட்ட சட்டை. "ராத்திரி பதினோரு மணிக்கு வந்து, காத்தால நாலு மணிக்குக் கிளம்பணுங். இதையெல்லாம் எப்பங்க பாக்கறது?" 31.5 ஜிபி கோப்பை யூஎஸ்பி வட்டிலிருந்து நொடிக்கு 120 எம்பி வேகத்தில் படித்து ஹாஷ் எடுக்க நாலரை நிமிடத்துக்குள் ஆகும். ஒரு கல்யாணத்துக்கு 300 ஜிபி என்றால் வட்டுப் பக்கம் முக்கால் மணி நேரம். கார்டுப் பக்கத்து ஹாஷையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். முழு டிகோட், என் கணினியில் 4கே எச்.264 கோப்புக்கு அதன் நீளத்தில் நாலில் ஒரு பங்கு நேரம் எடுக்கிறது. 10 பிட் எச்.265 என்றால் கூட ஆகும். ஆள் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. படுக்கும்முன் ஓட்டிவிட்டு எழுந்து லாகைப் பார்த்தால் போதும். அந்த ராத்திரிக்குள் முடியாது என்றால் கேள்வி கார்டு எண்ணிக்கையைப் பற்றியது, சோதனையைப் பற்றியது அல்ல. அடுத்தடுத்து முகூர்த்தம் வரும் மாதங்களில் நாளைக்கு வேண்டிய கார்டை இன்றைய கல்யாணத்தை அழித்துத்தான் தேட வேண்டும் என்ற நிலையில் ஸ்டுடியோ நடத்துவதே தவறு. இன்னொரு ஜோடிக் கார்டு வாங்குங்கள்.

தொழில்காரர்களை மட்டும் சொல்லவில்லை. வீட்டில் போனிலிருந்து கணினிக்குக் குழந்தையின் காதுகுத்து வீடியோவை மாற்றிவிட்டு, "போன்ல இடம் இல்லீங்" என்று அழிக்கிறவர்களுக்கும் இதே வட்டு, இதே கேபிள், இதே ரேம்தான்.

அந்தக் கல்யாணத்தை எப்படி முடித்தேன் என்று கேட்பவர்களுக்கு: புகைப்படக்காரர் அதே நேரத்தில் எடுத்த ஏழு படங்களை அந்த இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, மேலே நாதஸ்வர ஒலியைப் போட்டு மூடினேன். மாப்பிள்ளை வீட்டார் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். கெட்ட கோப்பை அழிக்காமல் வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு ffprobe-ஐ அதில்தான் ஓட்டிக் காட்டுகிறேன். இன்றைக்கும் அது `duration=2294.000000` என்றுதான் சொல்கிறது.